ஒரு டம்ளர் தண்ணீரில் உலர் திராட்சை: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு?

உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பும். காரணம் என்ன என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில்கூட "சவ்வூடு பரவல் டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் திராட்சையை எடுத்த பிறகு டம்ளரில் மிஞ்சும் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. அது வெளிர் தேன் நிறத்தில் இருக்கும், வாயில் வைத்தால் இனிக்கும். சவ்வூடு பரவலுக்கு நாம் எழுதிப் போடும் வரையறையில் அரைகடத்து சவ்வு நீரை விடும், சர்க்கரையை விடாது. அப்படியானால் இந்தச் சர்க்கரை எந்த வழியாக வெளியே வந்தது?

எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டது பின்வரிசைப் பையன் ஒருவன். ஊறவைத்த தண்ணீரைக் கீழே கொட்டப் போனவன், விரலை நக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். (ஆய்வகத்தில் எதையும் நக்கக் கூடாது என்று திட்டும் விழுந்தது. இந்தப் பாடத்துக்கான டம்ளர்களை அதன் பிறகு வகுப்பறையிலேயே வைத்துக்கொண்டோம், ஆய்வகக் கண்ணாடிப் பாத்திரம் எதையும் தொடவில்லை.) வாயால் "பரவல்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. உள்ளே போன தண்ணீர் எத்தனை கிராம், வெளியே வந்த சர்க்கரை எத்தனை கிராம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் பிடிக்க முடிந்தால், பரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் உள்ள வேறுபாடு தானாகவே வந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

திராட்சையில் இருந்தே தொடங்க வேண்டும். மளிகைக் கடையில் மஞ்சள் பச்சையாகக் கிடைக்கும் கிஸ்மிஸ் வகைதான் இதற்கு வசதி. விதை இல்லை, தோல் மெல்லியது. மகாராஷ்டிரத்தில் சாங்கலி, தாஸ்காவ் பக்கம் இதை உலர்த்தும்போது பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் கலந்த எண்ணெயும் கரைத்த நீரில் பழத்தை முக்கி எடுப்பார்கள். பழத்தின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு அதில் கெட்டு, உள்ளே உள்ள ஈரம் சீக்கிரம் வெளியேறும். உலரும்போது வெளியேற வழிவிட்ட அதே தோல், ஊறும்போது உள்ளே வரவும் வழிவிடுகிறது. அப்படி முக்காமல் வெயிலில் காயவைத்த கருப்புத் திராட்சை ஊற அதிக நேரம் எடுக்கும். இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்து போட்டால் கணக்கு குழம்பும்.

பொட்டலத்தைக் கொட்டி, வெடித்தது, நசுங்கியது, காம்புப் பக்கம் கிழிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். கிழிந்த பழத்தில் இருந்து சர்க்கரை கரைந்து வருவதைத் தோல் வழியாக வந்ததாக எண்ணிவிடுவோம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கிழிசல் தெரியும், அந்த இடம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும்.

தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். நகைத் தராசு என்று விற்கும் உள்ளங்கை அளவு மின்தராசு போதும். ஒரு கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசுதான் இருக்கிறது என்றால் திராட்சையையும் தண்ணீரையும் ஐந்து மடங்காக்கிக் கொள்ளுங்கள், பிழை அதற்கேற்பக் குறையும்.

அடுத்தது பிரிக்ஸ் மீட்டர். கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு இது அரிய பொருளே அல்ல. பன்னீர் திராட்சை போட்டிருக்கும் தோட்டத்தில், பழம் வெட்டும் பதம் வந்துவிட்டதா என்று பார்க்க இதைத்தான் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். கரும்பு ஊர்களிலும் கேட்டால் கிடைக்கும். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு சொட்டு சாற்றை விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒரு எண்ணில் நிற்கும். நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். கரைந்திருப்பது சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு காட்டும் அளவு அது. திராட்சையில் கரைவது பெரும்பாலும் சர்க்கரையே என்பதால் நமக்கு அது போதும். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா கொடுத்தனுப்பினார். முதலில் வெறும் தண்ணீர் விட்டுச் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துத் திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், பேட்டரி கடையில் வாங்கிய வடிநீரையே கடைசிவரை பயன்படுத்தினோம்.

மாலையில் போட்டது, காலையில் எடுத்தது

20.0 கிராம் திராட்சை, 100.0 கிராம் தண்ணீர். தண்ணீரை மில்லிலிட்டரில் அளக்காமல் தராசிலேயே நிறுத்தோம், எல்லாம் ஒரே அலகில் இருந்தால் கூட்டிக் கழிப்பது எளிது. தண்ணீர் ஆவியாகிப் போகாமல் டம்ளரின் வாயை மூடிவிட்டோம். பள்ளி விடும் நேரத்தில் போட்டு, மறுநாள் முதல் பாடவேளையில் திறந்தோம்.

திறந்ததும் கலக்கக் கூடாது. முதலில் டம்ளரின் மேற்பரப்பில் இருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் பிரிக்ஸ் 2க்குக் கீழே. உறிஞ்சு குழாயை மெல்ல இறக்கி, திராட்சைகளுக்கு நடுவே அடியில் இருந்து ஒரு சொட்டு எடுத்தால் 8க்கு மேல். ஒரே டம்ளர், ஒரே தண்ணீர்! இரவு முழுதும் கடந்தும் சர்க்கரை மேலே வந்து சேரவில்லை.

பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். பரவல் என்றால் "மூலக்கூறுகள் எங்கும் சமமாகப் பரவுவது" என்று படித்திருக்கிறார்கள், ஆனால் எவ்வளவு நேரத்தில் என்று யாரும் சொல்வதில்லை. குளுக்கோஸ் மூலக்கூறு அசையாத தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் நகர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பதுதான் பரவலின் விதி. ஆக ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள், ஐந்து சென்டிமீட்டருக்கு மூன்று வாரம். டம்ளரின் உயரமே அவ்வளவுதான். நாம் காபியில் போடும் சர்க்கரையைக் கலக்குவது நாம் ஆற்றுவதுதான், பரவல் அல்ல. செல் ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று அடுத்த பாடத்தில் கேட்கும்போது இந்த மேல் சொட்டும் அடிச் சொட்டும் மறுபடி கைகொடுக்கும்.

பிறகு நன்றாகக் கலக்கிவிட்டு, திராட்சையை வடிகட்டினோம். உப்பிய திராட்சையின் சுருக்கங்களில் தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். பழைய பருத்தித் துணியில் ஒரு அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், பிழியக் கூடாது. ஒற்றும் கை மாறினால் எடை மாறும் என்பதால் எல்லா டம்ளருக்கும் ஒரே பெண்தான் ஒற்றினாள்.

திராட்சை 35.0 கிராம். மிஞ்சிய தண்ணீர் 84 கிராம். கலக்கிய பின் பிரிக்ஸ் 4.8. துணி குடித்தது ஒரு கிராம். 35ம் 84ம் 1ம் கூட்டினால் 120, மாலையில் வைத்தது சரியாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கூட்டல் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ சிந்தியிருக்கிறது என்று பொருள். மேலே போகாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

15 கிராம் கூடியதா, 19 கிராம் கூடியதா

திராட்சையின் எடை 20ல் இருந்து 35 ஆனது. "15 கிராம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது" என்று வகுப்பே சொன்னது. அதைப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் மிஞ்சிய தண்ணீரின் கணக்கைப் போடச் சொன்னேன். 84 கிராமில் 4.8 சதவீதம் என்றால் 4 கிராம். அந்த 4 கிராமும் நேற்று திராட்சைக்குள் இருந்தது. அது வெளியே போன பிறகும் திராட்சை 15 கிராம் கூடியிருக்கிறது என்றால், உள்ளே வந்தது 19 கிராம்.

மறுபக்கமிருந்தும் சரிபார்க்கலாம். மிஞ்சிய 84 கிராமில் சர்க்கரை 4 போக, தண்ணீர் 80. வைத்தது 100. குறைந்த 20ல் துணி குடித்த ஒன்றைக் கழித்தால் 19. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தபோது, அதுவரை கதவோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வங்கி பாஸ்புக்கில் இருப்பு மட்டும் பார்த்தால் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று தெரியாது. தராசு காட்டுவதும் அந்த இருப்புதான். உப்பல் என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டு எதிரெதிர் ஓட்டங்களின் வித்தியாசம். தண்ணீர் உள்ளே, சர்க்கரை வெளியே. பெரும்பாலான செய்முறை ஏடுகளில் ஒரு அம்புக்குறிதான் வரைந்திருக்கும். எங்கள் ஏட்டில் இரண்டு அம்பு, ஒவ்வொன்றின் மேலும் கிராம் எண்.

சுழியமும் பதிமூன்றும்

4.8 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு எல்லைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும்.

திராட்சையின் தோல் வரையறையில் வருவதுபோல, நீரை மட்டும் விட்டு சர்க்கரையை முழுதாகத் தடுக்கும் அரைகடத்து சவ்வாக இருந்திருந்தால், வெளித் தண்ணீரின் பிரிக்ஸ் காலையிலும் சுழியம்தான். அது முழுச் சவ்வூடு பரவல்.

தோல் எதையும் தடுக்காத வெறும் வலையாக இருந்திருந்தால்? உலர் திராட்சையில் ஏறத்தாழ 15 சதவீதம் ஈரம். ஆக எங்கள் 20 கிராமில் 3 கிராம் தண்ணீர், 17 கிராம் திடப்பொருள். அதில் நாரும் மற்றவையும் போக, கரையக்கூடியது சுமார் 15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15ம், மொத்தத் தண்ணீரான 103 கிராமில் உள்ளும் புறமும் சமமாகக் கலந்துவிட்டால் பிரிக்ஸ் ஏறக்குறைய 13 காட்டும். அது முழுப் பரவல்.

எங்கள் எண் 4.8. சுழியத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவே, சுழியத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தோல் சர்க்கரையைத் தடுக்கிறது, ஆனால் ஒழுகவும் செய்கிறது. சிறிய நீர் மூலக்கூறு விரைவாக உள்ளே போகிறது, பெரிய சர்க்கரை மூலக்கூறு தாமதமாக வெளியே வருகிறது. அந்த வேக வித்தியாசம் இருக்கும்வரை திராட்சை உப்பும்.

இதைச் சோதிக்க இன்னொரு டம்ளரில் அதே 20 கிராம் திராட்சையை நான்காக நறுக்கிப் போட்டிருந்தோம். காலையில் பிரிக்ஸ் 9.6. தோலைத் திறந்துவிட்டதும் எண் பதிமூன்றை நோக்கி ஓடுகிறது. இந்த டம்ளரை மாலையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பதும் நல்லது. நறுக்கிய துண்டு ஒன்றை நூலில் கட்டித் தண்ணீரின் மேல்பகுதியில் தொங்கவிட்டு, டம்ளருக்குப் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்தால், வெட்டுவாயில் இருந்து நெளிநெளியாக ஒரு கண்ணாடி இழை கீழே இறங்குவது தெரியும். நிறம் கிடையாது, பின்னால் உள்ள எழுத்துகள் மட்டும் நெளியும். சர்க்கரைக் கரைசல் தண்ணீரைவிட அடர்த்தி என்பதால் எடையால் கீழே வழிகிறது. பார்த்ததும் "பரவல் கண்ணுக்கே தெரியுது டீச்சர்" என்பார்கள். அது பரவல் இல்லை, புவியீர்ப்பு. பெர்மாங்கனேட் படிகத்தைத் தண்ணீரில் போட்டு ஊதா நிறம் ஓடுவதைக் காட்டும் வழக்கமான செய்முறையிலும் பாதிக்குமேல் இந்தக் குழப்பம்தான் இருக்கிறது. கலப்பில்லாத பரவலைக் காட்ட வேண்டும் என்றால் தண்ணீர் ஓட முடியாத ஊடகம் வேண்டும். கடற்பாசியைக் காய்ச்சி டம்ளரில் உறையவைத்து, அதன் மேல் ஒரு சொட்டு கேசரிப் பவுடர் கரைசலை விட்டு, நிறத்தின் விளிம்பை நாள்தோறும் பேனாவால் குறித்தால் போதும்.

இறந்த பழம்

இனி வருவதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லலாமா என்று ஆசிரியர்களுக்குள் பேச்சு வந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

சவ்வூடு பரவல் பாடத்தில் நாம் சவ்வு என்று சொல்வது பிளாஸ்மா சவ்வை. உலர் திராட்சையின் செல்கள் இறந்தவை. நீரை இழந்து சுருங்கி, வெயிலில் வாடி, அவற்றின் சவ்வுகள் கட்டமைப்பை இழந்துவிட்டன. ஊறவைத்தால் பழம் உருண்டையாகலாம், செல் உயிர் பெறாது. எனவே எங்கள் டம்ளரில் சவ்வு வேலையைச் செய்தது பெரும்பாலும் பழத்தின் தோலும் அதன் மேல்பூச்சும், ஒழுகும் சவ்வாக. அதோடு, காய்ந்த செல் சுவர்களில் உள்ள பெக்டின் போன்ற பொருள்கள் காய்ந்த விதையைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அது உள்ளீர்த்தல். 19 கிராமில் எத்தனை கிராம் உள்ளீர்த்தல், எத்தனை கிராம் சவ்வூடு பரவல் என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது.

உயிருள்ள சவ்வு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கப் பச்சைத் திராட்சையையும் அதே இரவில் போட்டிருந்தோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கொத்தில் இருந்து பழத்தைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் காம்பு இருந்த இடத்தில் சதை பிய்ந்து ஓட்டை விழும், சாறு நேராக ஒழுகும். கத்தரியால் காம்போடு வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய 20 கிராம் பன்னீர் திராட்சை. ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தபோது சாற்றின் பிரிக்ஸ் 18. காலையில் வெளித் தண்ணீரின் பிரிக்ஸ் சுழியம்! எடையும் கால் கிராம்கூட ஏறவில்லை.

சர்க்கரை வெளியே வராததற்குச் செல்களின் சவ்வும் பழத்தின் தோலும் சேர்ந்து காரணம். தண்ணீர் அவ்வளவு மெதுவாக உள்ளே போனதற்கு மெழுகும் மேல்பூச்சும் காரணம். ஆனாலும் போகிறது. பழுத்த கொத்தின் மேல் விடாமல் மழை பெய்தால் பழம் வெடிக்கும் என்று தோட்டக்காரர் பிள்ளைகளுக்குத் தெரியும். வேர் வழியாக வரும் நீரோடு, தோல் வழியாக நுழையும் மழைநீரும் சேர்ந்து, சர்க்கரை நிறைந்த செல்களை உப்பவைத்துத் தோலைக் கிழிக்கிறது. பாடத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை, அவர்கள் வீட்டுக் கடன் கணக்கிலேயே இருக்கிறது.

ஒரு பாடவேளைக்குள் உயிருள்ள சவ்வைக் காட்டப் பச்சைத் திராட்சை உதவாது, உருளைக்கிழங்குதான் சரி. மேல் வகுப்புச் செய்முறையில் வரும் ஆஸ்மாஸ்கோப்புதான் அது. தோல் சீவிய கிழங்கில் குழி குடைந்து, அதில் சர்க்கரைப் பாகை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் பாகின் மட்டம் ஏறும். பக்கத்தில் வேகவைத்த கிழங்கில் அதே ஏற்பாடு செய்தால் ஏறாது. அதே கிழங்கு, அதே செல் சுவர், அதே பாகு, வெந்ததில் சவ்வு மட்டும் செத்துவிட்டது. இந்த இரண்டு கிழங்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் உலர் திராட்சையை மட்டும் காட்டி "சவ்வு" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திருப்பிச் சுருங்க வைப்பது

ஊறிய திராட்சையைச் செறிவான சர்க்கரைக் கரைசலில் போட்டால் சுருங்கும் என்பது பாடத்தின் இரண்டாம் பகுதி. வகுப்பறைகளில் அடிக்கடி சொதப்புவது இதுதான். 100 மில்லி தண்ணீரில் 50 கிராம் சர்க்கரையைக் கரைத்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திராட்சை சுருங்காது, இன்னும் கொஞ்சம் உப்பும்.

ஏன் என்பது எங்கள் எண்களிலேயே இருக்கிறது. காலையில் திராட்சைக்குள் இருந்தது 22 கிராம் தண்ணீர், கரைந்த பொருள் சுமார் 11 கிராம். அதாவது 100 கிராம் தண்ணீருக்கு 50 கிராம். வெளியிலும் 100க்கு 50. அப்படியானால் சமமாக நிற்க வேண்டுமே? இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை, எடை அல்ல. திராட்சையில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், மூலக்கூறு எடை 180. கடைச் சர்க்கரை சுக்ரோஸ், 342. ஒரே 50 கிராமில் சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். எனவே உள்ளே இன்னும் செறிவு அதிகம், தண்ணீர் உள்ளேதான் போகும். 100க்கு 100 போட்டால் ஏறக்குறைய சமநிலை, ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். சுருங்குவதை ஐயமில்லாமல் பார்க்க 100 மில்லிக்கு 200 கிராம் வேண்டும். வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறவைத்துப் பிறகு ஊற்ற வேண்டும்.

அந்தப் பாகில் ஊறிய திராட்சை மிதக்கும். பாதி உடம்பு காற்றில் இருந்தால் பாதிதான் சுருங்கும். மேலே ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கி வைத்தோம். பிற்பகல் கடைசி வேளையில் எடுத்து, தண்ணீரில் ஒரு முறை முக்கி, ஒற்றி நிறுத்ததில் 35.0 கிராம் 29.2 ஆகியிருந்தது. தோலில் பழைய கோடுகளிலேயே மடிப்பு விழுந்திருந்தது.

சர்க்கரைக்குப் பதில் உப்புக் கரைசல் மலிவு, சுருக்கமும் வேகம். ஆனால் இறந்த பழம் என்பதால் உப்பு உள்ளேயும் போய்விடும். எடைக் கணக்கில் அது தண்ணீரோடு கலந்துவிடும், பிரிக்க வழியில்லை. ஊறுகாய் போடத்தான் அது சரி.

அடுத்த ஆசிரியருக்கு

பிரிக்ஸ் மீட்டர் கிடைக்காத பள்ளியில் பெனடிக்ட் கரைசல் வைத்து வேலையை முடிக்கலாம். ஊறிய தண்ணீர் 2 மில்லியோடு அதே அளவு பெனடிக்ட் கரைசல் சேர்த்து, கொதிநீரில் சோதனைக் குழாயை ஐந்து நிமிடம் நிறுத்தினால் நீலம் செங்கல் நிறமாகும். திராட்சைச் சர்க்கரை ஒடுக்கும் சர்க்கரை என்பதால் இது வேலை செய்கிறது. கடைச் சர்க்கரைப் பாகுக்கு இந்தச் சோதனை உதவாது. பச்சைத் திராட்சையின் தண்ணீரையும் வெறும் வடிநீரையும் பக்கத்துக் குழாய்களில் வைக்க வேண்டும், இரண்டும் நீலமாகவே நின்றால்தான் செங்கல் நிறத்துக்கு மதிப்பு. எத்தனை கிராம் என்று மட்டும் சொல்ல முடியாது. எண் வேண்டும் என்றால் ஊறிய தண்ணீரை எடை போட்ட எவர்சில்வர் தட்டில் ஊற்றி, கொதிக்கும் பாத்திரத்தின் வாயில் வைத்து ஆவியில் வற்றவைக்கலாம். நேரடித் தீயில் வைத்தால் கருகிவிடும். கடைசியில் நிற்பது பாகு, முழுதாகக் காயாது, எனவே எடை சற்றுக் கூடுதலாகவே வரும்.

நேரத்தை நீட்டினால் பிரிக்ஸ் இன்னும் ஏறும் என்று இரண்டு நாள் வைக்கத் தோன்றும். எங்கள் ஊர் வெயிலில் அது நடக்காது. இரண்டாம் நாளே திராட்சையின் மேல் சிறு குமிழிகள் ஒட்டி, அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே மிதக்கத் தொடங்கும், மூடியைத் திறந்தால் புளித்த வாடை வரும். ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு சர்க்கரை சாராயமாக மாறுகிறது, பிரிக்ஸ் எண்ணுக்குப் பொருள் இல்லை. மாலையில் போட்டு மறுநாள் முதல் வேளையில் எடுப்பதுதான் வெப்பமான ஊர்களுக்கு உகந்த எல்லை. குளிர்பெட்டியில் வைத்தால் நொதிக்காது, ஆனால் பரவலும் மெதுவாகும். எண்கள் மேலே சொன்னவற்றோடு ஒத்து வராது.

தேர்வில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். "உலர் திராட்சை நீரில் உப்புவது ஏன்?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு "சவ்வூடு பரவல்" என்றே எழுதச் சொன்னேன், திருத்துபவரிடம் விடைக்குறிப்பு அப்படித்தான் இருக்கும். செய்முறை ஏட்டில் மட்டும் 19ம் 4ம் இரண்டு அம்புகளின் மேல் இருக்க வேண்டும், சுழியமும் பதிமூன்றும் ஓரத்தில் இருக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத ஏட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை.